காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறேன்: இதை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: "எலக்ட்ரிக்கல் முடித்து மூன்று வருடம் ஆகிறது, கோயம்புத்தூர் பக்கம். போர்வெல் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகாமல் இருக்க ஒரு கன்ட்ரோல் பாக்ஸ் செய்திருக்கிறோம். மோட்டார் நின்ற பிறகு கிணறு ஊற எவ்வளவு நேரம் ஆகும் என்று பாக்ஸே தெரிந்துகொண்டு, அதன்படி திரும்ப ஓடவிடும். போன மாதம் சென்னையில் ப்ரொவிஷனல் பேட்டன்ட் ஃபைல் செய்துவிட்டோம். அதற்குப் பிறகு, தண்ணீர் தீரப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வசதியையும் சேர்த்திருக்கிறோம். நண்பர்கள், சொந்தக்காரர்கள், ஊர் விவசாயிகள் எல்லாருக்கும் சொல்ல ஆசை. பெருமையடிப்பது போலவும் இருக்கக் கூடாது, தப்பாகவும் எதுவும் சொல்லிவிடக் கூடாது. 'பேட்டன்ட் வாங்கிவிட்டேன்' என்று போடலாமா? எவ்வளவு விவரம் சொல்லலாம்?"

'வாங்கிவிட்டேன்' என்று போடக் கூடாது. உங்கள் கையில் இப்போது இருப்பது காப்புரிமை அல்ல. காப்புரிமை கேட்டு நீங்கள் கொடுத்த விண்ணப்பத்துக்கான ரசீதும், அந்த விண்ணப்பம் பதிவான தேதியும்தான். அந்தத் தேதி சிறிய விஷயமல்ல. நாளை வேறொருவர் இதே யோசனையுடன் வந்தாலும் வரிசையில் உங்களுக்கு முன்னிடம் வாங்கித் தருவது அதுதான். ஆகவே மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்ள உங்களிடம் உண்மையான செய்தி ஒன்று இருக்கிறது. "காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்" என்பதே அந்தச் செய்தி. நான் பல ஆண்டுகளாகச் சென்னையில் காப்புரிமை முகவராக வேலை செய்து வருகிறேன். விண்ணப்பம் தாக்கல் செய்த வேகத்தில் எழுதப்படும் அறிவிப்புகளில் எது பின்னால் தொந்தரவாக வந்து நிற்கும், எது நிற்காது என்பதை அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் ரசீதில் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும். முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். ஐந்தாவது இலக்கம் எந்த அலுவலகம் என்பதைக் காட்டும். சென்னைக்கு அது 4. ஆறாவது இலக்கம் விண்ணப்பத்தின் வகை. சாதாரண விண்ணப்பமாக இருந்தால் 1. மீதி ஆறும் வரிசை எண். விண்ணப்பக் கட்டணம் செலுத்தி ஆவணங்களை ஏற்றிய எல்லோருக்கும் இந்த எண் கிடைக்கும். உள்ளே இருக்கும் விஷயத்தை அந்தக் கட்டத்தில் எந்த அதிகாரியும் படித்து மதிப்பிடுவதில்லை. பரிசோதனை முடிந்து காப்புரிமை வழங்கப்பட்டால் அதற்கென்று வேறொரு எண் கிடைக்கும். அந்த எண் வரும்வரை "பெற்றேன்", "கிடைத்தது", "அரசு அங்கீகரித்தது" ஆகிய மூன்றும் உங்கள் அறிவிப்பில் இடம்பெறக் கூடாது.

ரசீதையோ படிவத்தையோ படமெடுத்துப் போடும் பழக்கமும் வேண்டாம். முதல் படிவத்தில் விண்ணப்பதாரர், கண்டுபிடிப்பாளர் ஆகியோரின் வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். கண்டுபிடிப்பை விவரித்து நீங்கள் கொடுத்த விவரக்குறிப்பின் முதல் பக்கம் படத்தில் தற்செயலாக விழுந்து, நீங்கள் சொல்ல நினைக்காத வரிகளும் வெளியே போய்விடக்கூடும். விண்ணப்பித்த மாதத்தைச் சொன்னால் போதும்.

சட்டம் இதில் எங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 120ஆவது பிரிவு, ஒருவர் தாம் விற்கும் பொருளுக்குக் காப்புரிமை இருப்பதாகவோ அதற்கு விண்ணப்பித்திருப்பதாகவோ பொய்யாகக் காட்டினால் தண்டத்தொகை விதிக்க வழிசெய்கிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தத் தொகையின் உச்சவரம்பு பத்து லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்தப் பிரிவின் வாசகம் விற்கப்படும் பொருளைப் பற்றியது. இன்னும் எதையும் விற்காத ஒருவர் நண்பர்களுக்கு அனுப்பும் மகிழ்ச்சிச் செய்தியை அது நேரடியாகத் தொடுகிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. தொடாது என்றே நினைக்கிறேன். ஆனால் உங்கள் பெட்டி ஒரு நாள் விற்பனைக்கு வரும். அன்றைக்கு விளம்பரத் தாளிலும் பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளிலும் போடுவதற்கு இன்று எழுதிய வாசகத்தைத்தான் யாராவது எடுத்து ஒட்டுவார்கள். இன்றைக்கே சரியான வாசகத்தை வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் எழாது. விண்ணப்பம் உயிரோடு இருக்கும்வரை "காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று லேபிளில் போடுவது சரி. விண்ணப்பம் கைவிடப்பட்டாலோ மறுக்கப்பட்டாலோ அதை உடனே எடுத்துவிட வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எவ்வளவு விவரம் சொல்லலாம் என்பது. எழுத்து நடையில் ஏற்படும் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். தேவைக்கு மேல் சொல்லிவிட்ட விவரத்தைத் திரும்பப் பெறவே முடியாது. ஆகையால் இங்கே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நீங்கள் தாக்கல் செய்திருப்பது தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது ப்ரொவிஷனல். அதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தாக வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். முழு விவரக்குறிப்பில் நீங்கள் எழுதும் உரிமைக் கோரல்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு முன்னுரிமைத் தேதி உண்டு. தற்காலிக விவரக்குறிப்பில் விவரித்த விஷயத்தின் மேல் எழுந்த கோரலுக்குப் போன மாதத் தேதி கிடைக்கும். அதில் இல்லாத, பிறகு சேர்த்த விஷயத்துக்கு முழு விவரக்குறிப்பு தாக்கலாகும் தேதிதான் கிடைக்கும். "ஃபைல் செய்துவிட்டோம், இனி எதைச் சொன்னாலும் பயமில்லை" என்று பலர் நினைப்பது இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

உங்கள் விஷயத்திலேயே பொருத்திப் பார்க்கலாம். கிணறு ஊறும் நேரத்தைப் பெட்டியே கணித்துக்கொள்வது தற்காலிக விவரக்குறிப்பில் இருக்கிறது என்று உங்கள் கேள்வியிலிருந்து புரிந்துகொள்கிறேன். அதை நீங்கள் இன்று வெளியே சொன்னாலும், அப்படிச் சொன்ன காரணத்தால் மட்டும் உங்கள் காப்புரிமை மறுக்கப்படாது என்று சட்டத்தின் 33ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தற்காலிக விவரக்குறிப்பில் விவரிக்கப்பட்டிருக்கும் விஷயத்துக்கு மட்டுமே. தண்ணீர் தீரப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வசதியைத் தாக்கலுக்குப் பிறகு சேர்த்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை இன்று பொதுவெளியில் எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு முழு விவரக்குறிப்பில் அதற்கு உரிமை கேட்கும்போது, உங்களுடைய இன்றைய செய்தியே "இது ஏற்கெனவே வெளியாகிவிட்ட விஷயம்" என்பதற்கு ஆதாரமாக நிற்கும். எதிர்ப்பாளர் ஒருவர் அதைத் திரைப்பிடிப்பாக எடுத்துத் தாக்கல் செய்வதற்கு அதிகச் சிரமம் இல்லை.

ஆகவே இந்த அறிவிப்பை எழுத உட்காரும் முன் தாக்கல் செய்த தற்காலிக விவரக்குறிப்பின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் வரும் ஒவ்வொரு தொழில்நுட்ப வரிக்கும் அந்த நகலில் ஒரு பத்தியைக் காட்ட முடிகிறதா என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். காட்ட முடியாத வரி அறிவிப்பிலிருந்து போக வேண்டும். ஒரு பக்கத்தில் அவசரமாக எழுதித் தாக்கல் செய்த தற்காலிக விவரக்குறிப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் "மின்னோட்டத்தைக் கொண்டு தண்ணீர் இல்லாததை அறியும் கருவி" என்கிற அளவில்தான் இருக்கும்; ஊறும் நேரத்தைக் கணிக்கும் முறை ஒரு வரிகூட இருக்காது. உங்களுடையதும் அப்படி இருந்தால், ஏற்கெனவே தாக்கலாகிவிட்டது என்று நீங்கள் நம்புவதும் உண்மையில் தாக்கலாகவில்லை. அந்த நிலையில் அறிவிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, முழு விவரக்குறிப்பையோ புதிதாக இன்னொரு தற்காலிக விவரக்குறிப்பையோ முதலில் தாக்கல் செய்வதே நல்லது.

அறிவிப்பு வெளியான பிறகு இன்னொரு வழியும் அடைபடுகிறது. பன்னிரண்டு மாதக் கெடு நெருங்கும்போது பணமோ நேரமோ போதாமல், விண்ணப்பத் தேதியைப் பின்னுக்குத் தள்ளித் தரும்படி கேட்பவர்கள் உண்டு. 17ஆவது பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதம் வரை அப்படித் தள்ளிக்கொள்ள இடமிருக்கிறது. யாரிடமும் எதையும் சொல்லாதவருக்கு அதனால் பெரிய இழப்பு இல்லை. தற்காலிக விவரக்குறிப்போடு கைவிடப்பட்ட விண்ணப்பத்தை அலுவலகம் வெளியிடுவதும் இல்லை. ஆகவே அவர் விரும்பினால் முதலிலிருந்தேகூடத் தொடங்கலாம். ஆனால் விவரங்களோடு அறிவிப்புச் செய்துவிட்டவர் தேதியைத் தள்ளினால், அறிவிப்பு முந்தியதாகவும் விண்ணப்பம் பிந்தியதாகவும் ஆகிவிடும். 33ஆவது பிரிவின் நிழலும் அப்போது கிடைக்காது. விவரங்களை வெளியிட்டுவிட்டால் பழைய தேதியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடுகளிலும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கண்டிப்பு வேண்டும். இந்தியாவில் தாக்கல் செய்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வெளிநாட்டில் தாக்கல் செய்தால் இந்தியத் தேதியின் பலன் அங்கேயும் கிடைக்கும். அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளரே வெளியிட்ட விஷயத்துக்கு ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பியக் காப்புரிமை முறையில், சொந்த விருப்பத்தில் வெளியிட்ட விஷயத்துக்கு அப்படிப்பட்ட பொதுச் சலுகை இல்லை. தற்காலிக விவரக்குறிப்பில் இல்லாத வசதியைப் பற்றிக் கோயம்புத்தூரில் தமிழில் எழுதிய ஒரு பத்தியும் அங்கே உங்களுக்கு எதிராக எண்ணப்படும்.

சட்டம் அனுமதிக்கும் அளவு வேறு, சொல்லத் தேவையான அளவு வேறு. தற்காலிக விவரக்குறிப்பில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. காப்புரிமை வழங்கப்படும்வரை நீங்கள் யார்மேலும் வழக்குத் தொடர முடியாது. விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியான நாளிலிருந்து உரிமைகள் எண்ணப்படும் என்றாலும், வழக்குத் தொடுப்பது காப்புரிமை வழங்கப்பட்ட பிறகுதான். இடைப்பட்ட காலத்தில் உங்கள் முறையைப் படித்துவிட்டு ஒரு பட்டறை அதைச் செய்து விற்றால், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய காலம் நீளமானது. ஆகவே பெட்டி என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். எதை அளந்து, எந்தக் கணக்கில் அதைச் செய்கிறது என்பதை விட்டுவிடுங்கள். சுவிட்ச் போட்டதும் பெட்டியில் விளக்கு எரியும் படம் போதும். மூடியைத் திறந்து சர்க்யூட் போர்டைக் காட்டும் படம் வேண்டாம்.

விஷயம் தெரியாதவருக்கு எளிமையாகவும் அடக்கமாகவும் எழுதுவதற்கு என் அனுபவத்தில் நன்றாக வேலை செய்யும் ஒரு வரிசை இருக்கிறது. படிப்பவருக்குத் தெரிந்த தொல்லையில் தொடங்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே என்ன வழி இருக்கிறது என்பதை மரியாதையோடு சொல்ல வேண்டும். நீங்கள் மாற்றியது எந்த ஓர் இடம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பிறகு இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது என்பது. உங்கள் துறையில் ஏற்கெனவே இருக்கும் வழியைச் சொல்லாமல் விட்டால் முதலில் கோபப்படுபவர்கள் பம்ப் செட் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரின் சுமை குறைந்து மின்னோட்டம் இறங்கும், அதைப் பார்த்து மோட்டாரை நிறுத்தும் கருவிகள் பல காலமாகக் கடைகளில் கிடைக்கின்றன என்பது கோயம்புத்தூரில் எந்த மோட்டார் மெக்கானிக்குக்கும் தெரியும். "மோட்டார் கருகாமல் காக்கும் கருவியைக் கண்டுபிடித்துள்ளேன்" என்று நீங்கள் எழுதினால், "இது எங்கள் தோட்டத்தில் எப்போதோ மாட்டியாயிற்றே" என்று ஒருவர் எழுதுவார். அதோடு உங்கள் உண்மையான பங்களிப்பும் மறைந்துபோகும்.

"உலகிலேயே முதன்முறையாக" என்ற சொற்றொடரை விட்டுவிடுவதற்கும் இதுதான் காரணம். புதுமை உண்டா இல்லையா என்று பரிசோதகர் பழைய ஆவணங்களைத் தேடிப் பார்க்கும் கட்டத்துக்கு உங்கள் விண்ணப்பம் இன்னும் வரவில்லை. நீங்கள் தேடிப் பார்த்த எல்லைக்குள் பேசுங்கள்: "நாங்கள் பார்த்த கருவிகளில்" என்று எழுதுவது உண்மை, யாராலும் மறுக்க முடியாததும்கூட. மின்சாரம் இத்தனை சதவீதம் மிச்சம், மோட்டாரின் ஆயுள் இத்தனை மடங்கு என்ற கணக்குகளும் ஒரே ஒரு கிணற்றுச் சோதனையை வைத்துச் சொல்லக் கூடியவை அல்ல.

இதற்கு நேர் எதிரான பிழை ஒன்றும் உண்டு. அடக்கமாக எழுத விரும்புபவர்கள்தான் அதில் விழுகிறார்கள். "பெரிதாக ஒன்றுமில்லை, சின்ன மாற்றம்தான், யாருக்கும் தோன்றியிருக்கக் கூடியதுதான்" என்று எழுதிவிடாதீர்கள். துறை தெரிந்த ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றக்கூடிய மாற்றத்துக்குக் காப்புரிமை கிடையாது என்பது சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. விண்ணப்பம் வெளியானதிலிருந்து காப்புரிமை வழங்கப்படும்வரை யார் வேண்டுமானாலும் அந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்ப்பு மனு கொடுக்கலாம். உங்கள் தன்னடக்க வரி அந்த மனுவில் எந்த அளவுக்கு எடுபடும் என்பது சந்தேகம்தான், ஏனென்றால் அதிகாரி முக்கியமாகப் பார்ப்பது பழைய ஆவணங்களை. இருந்தாலும், எதிர்த்தரப்புக்கு மேற்கோள் எடுத்துக் கொடுப்பது உங்கள் வேலையல்ல. உங்களுடைய வேலையின் அளவை உள்ளபடி சொல்வதிலேயே அடக்கம் வந்துவிடும்; அதைத் தாழ்த்திச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் வைத்து உங்களுக்காக ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன். உங்கள் ஊர் வழக்குக்கு ஏற்பச் சொற்களை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் விண்ணப்பத்தின் நிலையைச் சொல்லும் வரிகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

"வணக்கம். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிய பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் காயில் கருகிவிடும் என்பது விவசாயம் செய்யும் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஓடாமல் நிறுத்தும் கருவிகள் ஏற்கெனவே கிடைக்கின்றன. நாங்கள் பார்த்த கருவிகளில், நின்ற மோட்டாரை எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஓடவிட வேண்டும் என்பதை நாமே முன்கூட்டிக் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் கிணறு ஐப்பசியில் ஊறுவது போலச் சித்திரையில் ஊறுவதில்லை. அந்த நேரத்தைக் கிணற்றின் நிலைக்கேற்பத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு கன்ட்ரோல் பாக்ஸை நானும் என் நண்பரும் சேர்ந்து உருவாக்கியிருக்கிறோம். இதற்குக் காப்புரிமை கேட்டுச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் கடந்த மாதம் விண்ணப்பித்திருக்கிறோம். இது முதல் கட்டம். காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை, பரிசோதனை முடியச் சில ஆண்டுகள் ஆகலாம். பாக்ஸ் இப்போது ஒரு தோட்டத்தில் மட்டும் சோதனையில் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை. மின்னழுத்தம் அதிகம் ஏறி இறங்கும் இடங்களில் இது எப்படி நடந்துகொள்கிறது என்பதை இன்னும் பார்க்க வேண்டும். போர்வெல் மோட்டாரில் உங்களுக்கு என்ன தொல்லை வருகிறது என்பதை எங்களிடம் சொன்னால் உதவியாக இருக்கும்."

இந்த வரைவில் சில இடங்களை வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறேன். நேரத்தை மாற்றிக்கொள்கிறது என்று இருக்கிறதே தவிர, எதைக் கொண்டு மாற்றுகிறது என்று இல்லை. தண்ணீர் தீரப்போவதை முன்கூட்டி அறியும் வசதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. மின்னழுத்தம் பற்றிய வரியை உங்கள் சோதனையின் உண்மை நிலைக்கேற்ப மாற்றவோ நீக்கவோ வேண்டும். அதை நான் சேர்த்ததற்குக் காரணம், மின்னழுத்தம் கூடும்போது சுமையில்லாத மோட்டாரும் அதிக மின்னோட்டம் இழுக்கும்; அதனால் மின்னோட்டத்தை மட்டும் பார்க்கும் கருவி, தண்ணீர் இல்லாததைச் சில சமயம் தவறவிடலாம். இது உங்கள் பாக்ஸைப் பற்றிய இரகசியம் அல்ல, மோட்டார் தெரிந்த எவருக்கும் தெரிந்த பொதுக் குணம். ஆகவே அதைச் சொல்வதால் எதையும் இழக்கமாட்டீர்கள். விவசாயி ஒருவர் உங்கள் பாக்ஸை நம்பி அவசரப்பட்டு மாட்டிவிடாமல் இருக்கவும் அது உதவும். கடைசி வரியில் கருத்துக் கேட்டிருப்பதும் அவர்கள் தொல்லையை மட்டுமே. "இதற்கு என்ன தீர்வு வைக்கலாம்?" என்று கேட்காதீர்கள். ஒருவர் சொன்ன தீர்வை நீங்கள் பிறகு முழு விவரக்குறிப்பில் சேர்த்தால், அந்தப் பகுதியின் கண்டுபிடிப்பாளர் யார் என்ற பிரச்சினை எழும். பொதுவெளியில் சொன்னதாக இருந்தால் அது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட விஷயமும் ஆகிவிடும்.

உங்கள் கேள்வியில் "செய்தேன்" என்று ஓரிடத்திலும் இல்லை, "செய்துவிட்டோம்" என்று இருக்கிறது. அதனால்தான் வரைவில் நண்பரைச் சேர்த்தேன். விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்களாக யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் அறிவிப்பிலும் அதே வரிசையில் இருக்கட்டும். செய்தியை அனுப்புவதற்கு முன் அவர்களுக்கு வாசகத்தைக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் கல்லூரியோ நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனமோ இருந்தால் உரிமையாளர் அவர்களே, நீங்கள் கண்டுபிடிப்பாளர். அப்போது "என் காப்புரிமை விண்ணப்பம்" என்று எழுதாமல், "விண்ணப்பம் இன்னாரின் பெயரில் தாக்கலாகியிருக்கிறது, கண்டுபிடிப்பாளர்களில் நானும் ஒருவன்" என்று எழுத வேண்டும். அவர்களுடைய எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். உங்கள் சொந்தப் பெயரில் தாக்கல் செய்திருந்து, வேறெங்காவது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராகவும் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்புகள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிவிப்புக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது உசிதம். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் இதில் யாரும் உறுதி சொல்ல முடியாது.

செய்தி உங்கள் கையை விட்டுப் போன பிறகு மற்றவர்கள் அதை வளர்ப்பார்கள். உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் பேச வந்தால், வாயால் விளக்கிவிட்டு அனுப்பிவிடாதீர்கள். "காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளனர், இன்னும் வழங்கப்படவில்லை" என்ற வரியைத் தாளில் எழுதிக் கொடுத்து, தலைப்பிலும் அப்படியே வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். "காப்புரிமை பெற்று இளைஞர் சாதனை" என்ற தலைப்பு அவர்களுக்குக் கைப்பழக்கத்தில் வந்துவிடும். உறவினர்கள் அப்படி வாழ்த்தும்போதும், நன்றி சொல்லிவிட்டு, இப்போது விண்ணப்ப நிலையில்தான் இருக்கிறது என்று அங்கேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்த குழப்பம் விண்ணப்பம் வெளியாகும்போது வரும். முழு விவரக்குறிப்பும் தாக்கலான பிறகு, முதல் தேதியிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் அதிகாரபூர்வ இதழில் வெளியாகும். தனிக் கட்டணம் செலுத்திக் கேட்டால் இன்னும் முன்னதாகவே வெளியாகும். இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வரும். அதில் பெயர் வந்ததும் "எங்கள் காப்புரிமை வெளியானது" என்று சான்றிதழ் போலச் சட்டம் போட்டுக் கொண்டாடும் வழக்கம் கல்லூரிகளில் பரவியிருக்கிறது. இதழில் வெளியாவது, காலம் வந்ததும் தானாக நடக்கும் ஒரு நடைமுறை. தகுதியைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. அன்றைக்கு நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால், "எங்கள் விண்ணப்பம் இப்போது பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கிறது, விரும்புபவர்கள் முழுதாகப் படிக்கலாம்" என்று சொல்லுங்கள். இதுவரை ஒளித்துவைத்த முறையைக் கூச்சமில்லாமல் விளக்குவதற்கும் அந்த நாள்தான் சரியான நாள், ஏனென்றால் அது அன்றைக்கு எப்படியும் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது.

இந்த விண்ணப்பத்துக்குக் காப்புரிமை கிடைக்குமா என்று அறிவிப்பைப் படிப்பவர்கள் உங்களைக் கேட்பார்கள். உங்கள் பாக்ஸின் உயிர் ஒரு கணக்கில் இருக்கிறது. வெறும் கணிதமுறைக்கும், கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்கும் ஒன்றுக்கும் இந்தியச் சட்டம் காப்புரிமை தருவதில்லை. ஆகவே அந்த ஆட்சேபம் பரிசோதனையில் எழ வாய்ப்புண்டு. மோட்டாரை நிறுத்துவது, ஓடவிடுவது என்று பொருள்மேல் நிகழும் விளைவோடு அது பிணைந்திருப்பது உங்களுக்குச் சாதகம். அதை எப்படி எழுதுகிறீர்கள் என்பதிலும், பரிசோதகர் எடுத்துக் காட்டும் பழைய ஆவணங்களிலும்தான் முடிவு இருக்கிறது. ஆகவே கேட்பவர்களிடம் "கிடைத்துவிடும்" என்றோ "ஏஜென்ட் உறுதி சொல்லியிருக்கிறார்" என்றோ சொல்லாமல், "பரிசோதனை நடந்த பிறகுதான் தெரியும்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், இந்த அறிவிப்பைவிட முந்தி முடிக்க வேண்டிய வேலையாக அந்தப் புதிய வசதியை எடுத்துக்கொள்வேன். அதற்கென ஒரு தற்காலிக விவரக்குறிப்பை வரைபடங்களோடும் அளவுகளோடும் நிதானமாக எழுதித் தாக்கல் செய்யுங்கள். முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் இரண்டையும் சேர்த்து ஒரே முழு விவரக்குறிப்பாகக் கொடுத்துவிடலாம். இரண்டாவது ரசீது கைக்கு வந்த பிறகு மேலே உள்ள செய்தியை அனுப்பினால், யாராவது சோதனைப் பெட்டியைப் பார்க்கத் தோட்டத்துக்கே வந்து, "அது தானாக முன்னாலேயே நின்றுவிட்டதே, எப்படி?" என்று கேட்டாலும் நீங்கள் பதற வேண்டியிருக்காது.